இன்டர்வியூ அன்னைக்கே வைவா போட்டுட்டாங்க, தேதி மாத்தித் தரச் சொல்லி எப்படி மெசேஜ் பண்றது?

"அக்கா, எனக்கு ஊர் பாபநாசம், கும்பகோணத்துல எம்.காம் கடைசி வருஷம். திருச்சில ஒரு ஃபைனான்ஸ் கம்பெனில கிரெடிட் ஆபீசர் டிரெய்னி வேலைக்கு மே 8 வியாழன் காலைல 11 மணிக்கு நேர்ல இன்டர்வியூ. இன்னைக்கு (திங்கள்) சாயங்காலம் டிபார்ட்மென்ட் குரூப்ல அதே வியாழன் 10 மணிக்கு ப்ராஜெக்ட் வைவான்னு போட்டுட்டாங்க. என் ப்ராஜெக்ட் சுய உதவிக் குழுக்கள் கடன் திருப்பிக் கட்டுறதைப் பத்தினது. இந்த வேலை எனக்கு ரொம்ப வேணும்க்கா. தேதி மாத்திக் கேட்டா ஆர்வம் இல்லன்னு நினைச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு. ஹெச்ஆர் மேடம் வாட்ஸப்லயும் மெயில்லயும் தகவல் அனுப்பியிருந்தாங்க. என்ன எழுதுறது?"

தம்பி, தாராளமா கேளுங்க, ஆனா இன்னைக்கு ராத்திரிக்குள்ள எழுதிடுங்க. நான் திருச்சில ஒன்பது வருஷம் ஆள் எடுக்குற டீம்ல இருந்தவ, அதுல பாதி நேரம் என் வேலையே இன்டர்வியூ நேரம் போடுறதும் மாத்துறதும்தான். தேதி மாத்திக் கேட்டாங்கங்கிற ஒரே காரணத்துக்காக ஒருத்தரை வேணாம்னு ஒதுக்குனதா எனக்கு ஞாபகமே இல்ல. ஒதுக்குனது யாரைன்னா, இன்டர்வியூக்கு ஒரு மணி நேரம் முன்னாடி சொன்னவங்களை, "வர முடியாது மேடம்"னு மட்டும் சொல்லிட்டு எப்ப வர முடியும்னு சொல்லாதவங்களை, அப்புறம் முக்கியமா, மாத்திக் கொடுத்த தேதியையும் திரும்ப மாத்தச் சொன்னவங்களை. இந்த மூணுல நீங்க எதுலயும் விழாம பாத்துக்கணும், அவ்வளவுதான் விஷயம்.

உங்க மெசேஜ் போய்ச் சேந்ததும் அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு முதல்ல சொல்றேன், அது தெரிஞ்சா என்ன எழுதணும்னு தானா புரிஞ்சிடும். அந்த மேடத்துக்கு இன்டர்வியூ எடுக்குற வேலை பெரும்பாலும் இருக்காது. எடுக்கப் போறது ஒரு கிரெடிட் மேனேஜர், கூட ஒரு ஏரியா மேனேஜர் மாதிரி யாராவது. கடன் கொடுக்குற கம்பெனில இந்த ரெண்டு பேரும் ஆபீஸ்ல உக்காந்திருக்க மாட்டாங்க, ஒருத்தர் லால்குடி பக்கம் விசிட் போயிருப்பாரு, இன்னொருத்தர் மாசக் கடைசின்னா வசூல் கணக்கு பாத்துட்டிருப்பாரு. இவங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஃப்ரீயா இருக்குற ஒரு முக்கால் மணி நேரத்தைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கித்தான் அந்த மேடம் உங்களுக்கு 11 மணின்னு போட்டிருப்பாங்க. இப்ப நீங்க மாத்தச் சொன்னா அவங்க மறுபடி அந்த ரெண்டு பேர்கிட்டயும் போய் நிக்கணும், "அந்தப் பையன் வர மாட்டேங்குறான் சார்"னு வெறுங்கையோட போனா திட்டுதான் விழும், "அந்தப் பையனுக்கு அன்னைக்கு யுனிவர்சிட்டி வைவா சார், வெள்ளி இல்ல திங்கள்னா வர்றேன்னு சொல்றான், உங்களுக்கு எது சவுகரியம்"னு போனா அரை நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும். அவங்க அப்படிப் போய் சொல்ற வாக்கியத்தை நீங்கதான் எழுதிக் கொடுக்கணும். உங்க மெசேஜை அப்படியே அந்த மேனேஜருக்கு ஃபார்வர்ட் பண்ற மாதிரி இருக்கணும், அதுல அவங்க ஒரு வார்த்தை சேக்க வேண்டியதோ உங்ககிட்ட திருப்பி ஒரு கேள்வி கேக்க வேண்டியதோ இருக்கக் கூடாது.

எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துக்குங்க.

ஒண்ணு காலேஜ் பக்கம். வைவாவுக்கு வெளியில இருந்து எக்ஸாமினர் வர்றாங்கன்னா அந்த நாளை உங்களுக்காக மாத்த மாட்டாங்க, அதுல டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. ஆனா கைடுகிட்ட ஒரு வார்த்தை, ரெண்டு நாளா நடக்குதா ஒரே நாளான்னு கேட்டுக்குங்க. பசங்க நிறைய பேர் இருந்தா வியாழன் வெள்ளின்னு ரெண்டு நாளுக்கு இழுத்துட்டுப் போகும், ரிஜிஸ்டர் நம்பர் வரிசைப்படி உங்களுக்கு வெள்ளிக்கிழமை விழுந்துதுன்னு வச்சுக்குங்க, வியாழன் வைவான்னு சொல்லி வெள்ளிக்கு மாத்தி வாங்கினவங்க கதி என்ன ஆகும்? மறுபடி மாத்தச் சொல்லணும். அதனால உங்க பேர் எந்த நாள்ல இருக்குன்னு உறுதி பண்ணிக்காம மெசேஜை அனுப்பாதீங்க. கைடுக்கு இப்பவே போன் போட்டா அஞ்சு நிமிஷ வேலை.

இன்னொண்ணு, உங்களுக்கு வந்த தகவல்ல நேரம் எப்படிப் போட்டிருக்காங்கன்னு பாருங்க. "காலை 11 மணி"ன்னு ஒத்த நேரமா இருந்தா அது உங்க ஒருத்தருக்குப் போட்ட நேரம், மாத்துறது சுலபம். "காலை 9.30ல இருந்து 1 மணிக்குள்ள வரணும், ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு வரணும்" இந்த மாதிரி இருந்தா முப்பது நாப்பது பேரை ஒரே நாள்ல பாக்குறாங்கன்னு அர்த்தம், சில சமயம் பேனல் சென்னைல இருந்து ஒரு நாளைக்கு மட்டும் வரும், அப்ப உங்களுக்காகத் தனியா ஒரு நாள் வைக்க மாட்டாங்க. அந்தக் கேஸ்ல "வேற தேதி கொடுங்க"ன்னு கேக்காம, "அடுத்த பேட்ச்ல சேத்துக்க முடியுமா, இல்லன்னா வீடியோ கால்ல ஒரு ரவுண்டு பாக்க முடியுமா"ன்னு கேக்கணும். உங்களுக்கு வந்திருக்கறது ஒத்த நேரம்தான், அதனால மேல போவோம். அரசாங்க வேலைக்கு வர்ற கால் லெட்டர் வேற கதை, அதுல தேதி மாத்த முடியுமா முடியாதான்னு லெட்டர்லயே எழுதியிருக்கும், அதுதான் சட்டம், இங்க சொல்றதெல்லாம் பிரைவேட் கம்பெனிக்கு மட்டும்.

இப்ப உங்க மனசுல ஒரு யோசனை வந்திருக்கும், வைவா 10 மணிக்குத்தானே, நம்ம பேர் முன்னாடி வந்தா 11 மணிக்கு முடிச்சிடலாம், அன்னைக்கே 3 மணிக்கு இன்டர்வியூ வச்சுக்கச் சொல்லலாம்னு. வேணாம் தம்பி. எக்ஸாமினர் 10 மணிக்கு வருவாருன்னா வந்து டீ குடிச்சு உக்காரவே பத்தே முக்கால் ஆகும், நடுவுல சாப்பாடு, உங்களுக்கு முன்னாடி இருக்குற பொண்ணுகிட்ட அரை மணி நேரம் கேள்வி கேப்பாரு. கும்பகோணத்துல இருந்து திருச்சிக்கு பஸ்ல மூணு மணி நேரம்னு கணக்கு வச்சுக்கணும், தஞ்சாவூர்ல வண்டி கொஞ்சம் நின்னா அதுவும் போச்சு. பாதி வழில செங்கிப்பட்டிகிட்ட பஸ்ல நின்னுக்கிட்டு "மேடம் ஒரு அரை மணி நேரம் லேட் ஆகும்"னு நீங்க போடுற மெசேஜ், இன்னைக்கு போடப் போற மெசேஜை விட பத்து மடங்கு கெடுதல். முதல் தடவை மாத்துறதை எல்லாரும் ஏத்துப்பாங்க, ரெண்டாவது தடவைங்கிறது உங்க கையில இல்லவே இல்லன்னு வச்சுக்குங்க.

அதனால கொடுக்குற நேரம் எதுவா இருந்தாலும் அடிச்சு சொல்ற மாதிரி இருக்கணும். மூணு நேரம் போதும். ஒரே நேரம் கொடுத்தா அவங்களுக்குக் கட்டளை போட்ட மாதிரி ஆயிடும், "எப்ப வேணா வர்றேன் மேடம்"னா கேக்க நல்லா இருக்கு ஆனா அதை வச்சு அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது, மறுபடி உங்ககிட்ட "வெள்ளி ஓகேவா"ன்னு கேக்கணும், நீங்க ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்து பதில் சொல்லணும், அதுக்குள்ள மேனேஜர் வேற மீட்டிங் போட்டிருப்பாரு. தேதி, கிழமை, எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும், மூணும் சேத்து எழுதுங்க. காலண்டர்ல முகூர்த்த நாளான்னும் ஒரு பார்வை பாத்துக்குங்க, வளர்பிறை முகூர்த்தத்துல நம்ம பக்கம் பஸ்ல காலை வைக்க இடம் இருக்காதுங்கிறது உங்களுக்கே தெரியும், அந்த நாளைக் கொடுக்குறதா இருந்தா காலைல 11 மணிக்கு மேலன்னு கொடுங்க.

இதுல ஒரு விஷயம் இருக்கு, நிறைய பேருக்குத் தோணாதது. எல்லாரும் பின்னாடி தள்ளித்தான் கேப்பாங்க. உங்களால முடிஞ்சா முன்னாடியும் ஒரு நேரம் கொடுங்க. இன்னைக்கு திங்கள், புதன்கிழமை மத்தியானம் 2 மணிக்கு மேல வர்றேன்னு நீங்க சொன்னா, அதுக்கு மேல ஆர்வத்தைக் காட்ட எந்த வார்த்தையும் கிடையாது. நான் இருந்த இடத்துல ஒரு பொண்ணு இப்படி ஒரு நாள் முன்னாடி கேட்டு வாங்கினா, அந்த மேனேஜர் இன்டர்வியூ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவளைப் பத்தி நல்லபடியா பேசினாரு. ஆனா வைவாவுக்கு முந்தின நாள்ங்கறதால நீங்களே யோசிச்சுக்குங்க, ப்ரெசன்டேஷன் எல்லாம் ரெடியா இருந்தா மட்டும் கொடுங்க, கொடுத்தா புதன்கிழமையே வான்னு சொன்னாலும் போகணும்.

இப்ப எழுத்துக்கு வருவோம். நம்ம பசங்க வழக்கமா எப்படி அனுப்புவாங்கன்னு பாருங்க, இந்த மாதிரி நூறு மெசேஜ் என் போனுக்கு வந்திருக்கு:

"குட் ஈவ்னிங் மேடம். எப்படி இருக்கீங்க. டிஸ்டர்ப் பண்றதுக்கு ரொம்ப ரொம்ப சாரி மேடம். ஒரு சின்ன ரிக்வெஸ்ட் மேடம். எனக்கு அன்னைக்கு தவிர்க்க முடியாத காரணத்தால வர முடியாத சூழ்நிலை மேடம். தயவு செஞ்சு தப்பா நினைக்காதீங்க. எனக்கு இந்த வேலை ரொம்ப முக்கியம் மேடம். எங்க குடும்ப சூழ்நிலைக்கு இந்த வேலை கண்டிப்பா வேணும். வேற ஒரு நாள் கொடுத்தா உதவியா இருக்கும் மேடம். ப்ளீஸ் மேடம்."

மரியாதையா இருக்கு, மனசுல இருந்து எழுதியிருக்கான், பாவமாவும் இருக்கு. ஆனா படிக்கிறவங்க நிலைமையைப் பாருங்க. அந்த மேடம் போன்ல அந்த வாரம் நாப்பது பேர் நம்பர் இருக்கும், பெரும்பாலும் பேர் போட்டு சேவ் பண்ணியிருக்க மாட்டாங்க. ஸ்கிரீன்ல மேல வந்து மறையற நோட்டிஃபிகேஷன்ல முதல் ஒண்ணரை வரிதான் தெரியும், அதுல "குட் ஈவ்னிங் மேடம் எப்படி இருக்கீங்க டிஸ்டர்ப் பண்றதுக்கு"ன்னு இருந்தா அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுடுவாங்க. தொறந்து படிச்சாலும் யாரு இது, எந்த வேலை, என்னைக்கு இன்டர்வியூ, எதுக்கு வர முடியல, எப்ப வருவான், அஞ்சுல ஒண்ணுக்குக் கூட பதில் இல்ல. "தவிர்க்க முடியாத காரணம்"ங்கிற வார்த்தை எங்க காதுல எப்படி விழும்னா, வேற இடத்துல வேலை கிடைச்சிருச்சு போல, இங்க ஒரு கண்ணு வச்சிருக்கான்னுதான் விழும். உங்களுக்கு இருக்கறது யாரும் குறை சொல்ல முடியாத காரணம், அதை ஏன் மூடி வைக்கணும். அப்புறம் குடும்பக் கஷ்டம் வேண்டாம், அது உண்மையா இருந்தாலும் சரி. இரக்கப்பட்டு தேதி மாத்தலாம், ஆனா அந்த மெசேஜை மேனேஜருக்கு ஃபார்வர்ட் பண்ண முடியாது.

உங்களுக்கு நான் எழுதிப் பாத்தது இது:

"வணக்கம் மேடம். நான் (உங்க பேர்), கிரெடிட் ஆபீசர் டிரெய்னி வேலைக்கு மே 8 வியாழன் காலை 11 மணிக்கு இன்டர்வியூ கொடுத்திருந்தீங்க, அதை மாத்தித் தர முடியுமான்னு கேக்கத்தான் எழுதுறேன்.

அதே நாள் காலை 10 மணிக்கு கும்பகோணத்துல எனக்கு எம்.காம் ப்ராஜெக்ட் வைவான்னு இன்னைக்கு சாயங்காலம்தான் காலேஜ்ல சொன்னாங்க. வெளியில இருந்து எக்ஸாமினர் வர்றதால அந்த நாளை மாத்த முடியல.

நான் வரக்கூடிய நேரம்: மே 7 புதன் மதியம் 2 மணியில இருந்து 5 வரை. மே 9 வெள்ளி காலை 11ல இருந்து 5 வரை. மே 12 திங்கள் காலை 10ல இருந்து 5 வரை.

ப்ராஜெக்ட்டுக்காக பாபநாசம் பக்கத்துல சுய உதவிக் குழுக்கள் கடனை எப்படித் திருப்பிக் கட்டுறாங்கன்னுதான் நேர்ல போய்க் கேட்டு எழுதியிருக்கேன். நீங்க அனுப்பின வேலை விவரத்துல ஃபீல்டு விசிட்டும் வசூல் ஃபாலோ அப்பும் இருந்ததைப் பாத்துத்தான் விண்ணப்பிச்சேன், அதைப் பத்தி சார்கிட்ட பேசக் காத்திருக்கேன்.

உங்களுக்கு ஏற்படுற சிரமத்துக்கு மன்னிக்கணும் மேடம். (பேர், போன் நம்பர்)"

இங்கிலீஷ்ல எழுதற கம்பெனின்னா இங்கிலீஷ்ல எழுதுங்க, அவங்க உங்களுக்கு எந்த பாஷைல அனுப்பினாங்களோ அதுலயே பதில் போடுறதுதான் முறை, வரிசை மட்டும் இதேதான். யாரு, எந்த இன்டர்வியூ, என்ன வேணும், இது முதல் வரியிலயே வந்துடணும். காரணம் ரெண்டு வரி, அதுக்கு மேல விளக்கினா நம்பிக்கை கூடாது, சந்தேகம்தான் கூடும். வைவா அறிவிப்பை போட்டோ எடுத்து கூடவே அனுப்பாதீங்க, கேட்டா அனுப்பலாம், கேக்காமலே ஆதாரம் காட்டினா நம்மளை நம்பலையோன்னு நாமே சொல்ற மாதிரி இருக்கும். மன்னிப்பு ஒரு தடவை, கடைசில.

அந்த நாலாவது பத்திதான் உங்க பயத்துக்கு பதில், அதைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன். "ரொம்ப ஆர்வமா இருக்கேன்", "இந்த வாய்ப்பை மிஸ் பண்ண விரும்பல" இதெல்லாம் எல்லாரும் எழுதுறது, கண்ணுல பட்டாலும் மனசுல நிக்காது. இந்த வேலையை விட்டு வேற வேலைக்கு மாத்திப் போட்டாலும் பொருந்துற வரி எதுவும் ஆர்வத்தைக் காட்டாது, இதை ஒரு சோதனையா வச்சுக்குங்க. நீங்க எழுதற வரில "கிரெடிட் ஆபீசர்"ங்கிறதை எடுத்துட்டு "துணிக்கடை சூப்பர்வைசர்"னு போட்டுப் பாருங்க, வரி அப்பவும் நிக்குதுன்னா அது வெறும் வரி, அடிச்சிடுங்க. சுய உதவிக் குழு வரி அப்படி நிக்காது. கிரெடிட் ஆபீசர் வேலைன்னா என்ன, ஒரு சின்னக் கடைக்காரர் கணக்கு நோட்டே இல்லாம வருமானம் சொல்லுவாரு, அவர் கடைல அரை மணி நேரம் உக்காந்து எத்தனை பேர் வர்றாங்க, சரக்கு எவ்வளவு இருக்குன்னு பாத்து இவரால மாசம் எவ்வளவு தவணை கட்ட முடியும்னு கணிக்கணும், தவணை நின்னா வீட்டுக்குப் போய்ப் பேசணும். நீங்க ஏற்கனவே குழு கூட்டத்துல போய் உக்காந்து ஏன் தவணை தவறுதுன்னு கேட்டு வந்தவரு. இதைப் படிக்கிற கிரெடிட் மேனேஜருக்கு இந்தப் பையனைப் பாக்கணும்னு தோணும், அப்ப தேதி மாத்துறது அவருக்கு ஒரு பெரிய விஷயமா இருக்காது. உங்க விஷயத்துல என்ன அதிர்ஷ்டம்னா, குறுக்க வந்து நிக்கிற வைவாவே இந்த வேலைக்கு உங்களை சிபாரிசு பண்ணுது.

ஒரு எச்சரிக்கை. அந்த வரில எழுதினதை முதல் கேள்வியா கேப்பாங்க. எத்தனை குழு, எந்த ஊர், தவணை தவறினவங்க என்ன காரணம் சொன்னாங்க, வங்கிக் கடனா மைக்ரோ ஃபைனான்ஸா, இதுக்கெல்லாம் சரளமா பதில் வரணும். நேர்ல போகாம டேட்டா மட்டும் எடுத்து எழுதின ப்ராஜெக்ட்டா இருந்தா "நேர்ல போய்"ங்கிற வார்த்தையை எடுத்துடுங்க.

எதுல அனுப்புறதுன்னா, ரெண்டுலயும். இன்டர்வியூ தகவல் வந்த அதே மெயிலுக்கு ரிப்ளை பண்ணி இன்னைக்கு ராத்திரியே அனுப்பிடுங்க, புது மெயில் போடாதீங்க, சப்ஜெக்ட்டை மாத்தாதீங்க, பழைய பேச்சு கீழயே இருந்தா அவங்களுக்குத் தேட வேண்டியதில்ல. வாட்ஸப்ல ராத்திரி 9 மணிக்கு மேல தட்டாதீங்க, நாளைக்குக் காலைல ஒன்பதரை மணிக்கு அனுப்புங்க, அந்த நேரத்துலதான் அன்னைய இன்டர்வியூ லிஸ்ட்டை எடுத்து வச்சுட்டு உக்காருவாங்க. மெயில் கூட காலண்டர் இன்வைட் வந்திருந்தா அதுல இருக்குற No பட்டனை மட்டும் அமுக்கிடாதீங்க. அமுக்கினா அவங்களுக்கு நீங்க வரலன்னு ஒத்த வரி போகும், உங்க விளக்கம் அதுக்கப்புறம் போய்ச் சேரும், பிஸியான ஆள்னா அந்த இடத்துல அடுத்த ஆளைப் போட்டிருப்பாங்க. ஜிமெயில் காலண்டர்ல Propose a new time னு ஒண்ணு இருக்கும், அது ஒரே ஒரு நேரத்தைத்தான் சொல்லும், உங்களுக்கு மூணு நேரம் சொல்லணும், அதனால அதையும் தொடாதீங்க. புது இன்வைட் வர்ற வரைக்கும் பழசு அப்படியே கிடக்கட்டும்.

நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ரெண்டுக்கும் பதில் இல்லன்னா போன் பண்ணுங்க. இருபத்தி நாலு மணி நேரத்துக்குள்ள இன்டர்வியூ இருக்குற யாரா இருந்தாலும் முதல்ல போன், அப்புறம்தான் மெசேஜ். போன்ல, "மேடம் வணக்கம், வியாழன் 11 மணி கிரெடிட் ஆபீசர் இன்டர்வியூ, (பேர்) பேசுறேன், ரெண்டு நிமிஷம் பேசலாமா? நேத்து ராத்திரி ஒரு மெயில் அனுப்பியிருந்தேன், அன்னைக்கு எனக்கு வைவா இருக்கு, புதன் வெள்ளி திங்கள் மூணு நேரம் கொடுத்திருக்கேன், பாத்து சொல்ல முடியுமா மேடம்"னு சொல்லி நிறுத்திடுங்க. அவங்க எடுக்கலன்னா அஞ்சு தடவை அடிக்காதீங்க, ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை.

பதில் மூணு விதமா வரும். "வெள்ளி 2 மணி ஓகே"ன்னு வந்தா அஞ்சு நிமிஷத்துக்குள்ள "மே 9 வெள்ளி மதியம் 2 மணி, திருச்சி ஆபீஸ், வந்துடுறேன் மேடம், நன்றி"ன்னு தேதியையும் நேரத்தையும் திருப்பி எழுதி உறுதி பண்ணுங்க, வெறும் கட்டைவிரல் சிம்பல் போட்டு விட்டுடாதீங்க, வெள்ளின்னு அவங்க எந்த வெள்ளியைச் சொன்னாங்கங்கிறதுலயே குழப்பம் வந்து பாத்திருக்கேன். "சாரைக் கேட்டு சொல்றேன்"னு வந்தா அது மறுப்பு கிடையாது, ஆனா புதன் மத்தியானம் வரைக்கும் சத்தம் இல்லன்னா ஒரு வரி போடணும், "மேடம், நாளைக்கு 11 மணிக்கு நான் வைவால இருப்பேன், அதனால வர முடியாது, புது நேரத்துக்குக் காத்திருக்கேன்"னு. அவங்க மறந்துட்டு உங்க பேரை வியாழன் லிஸ்ட்லயே வச்சிருந்தா அன்னைக்கு 'வரலை'ன்னு மார்க் ஆயிடும், அந்த மார்க்கை அப்புறம் அழிக்கிறது கஷ்டம், மறுபடி ஆறு மாசம் கழிச்சு அதே கம்பெனிக்கு அப்ளை பண்ணாலும் சிஸ்டத்துல நிக்கும்.

மூணாவது, "முடியாது, வியாழன்தான்". அப்ப சண்டையும் கெஞ்சலும் வேணாம், வீடியோ கால்ல வியாழன் சாயங்காலம் 5 மணிக்கு மேல முடியுமான்னு ஒரே ஒரு தடவை கேளுங்க, வைவா அதுக்குள்ள முடிஞ்சிருக்கும், கும்பகோணத்துலயே ஃப்ரெண்ட் ரூம்ல உக்காந்து பேசிடலாம். அதுவும் இல்லன்னா வைவாதான். டிகிரி கையில இல்லாம இந்த வேலைல சேரவே முடியாது, வைவாவை விட்டா அடுத்து எப்ப வைப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது. "புரியுது மேடம், அடுத்து ஆள் எடுக்கும்போது என் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கணும்"னு எழுதிட்டு நிறுத்துங்க. வியாழன் வந்தவங்கள்ல யாரும் செட் ஆகாம அடுத்த வாரமே திரும்பக் கூப்பிட்டதும் உண்டு.

வீடியோ கால்னு முடிவானா மின்வாரியம் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்துற நாளான்னு பாத்துட்டு நேரம் கொடுங்க. காலைல 9 மணிக்குப் போனா மத்தியானத்துக்கு மேலதான் வரும், செல் டவரும் சில இடத்துல மக்கர் பண்ணும். பேப்பர்லயே முந்தின நாள் ஏரியா பேரோட போடுறாங்க.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் ஒண்ணு. காரணம் வைவா மாதிரி தெளிவா இல்லாதப்போ என்ன எழுதுறதுன்னு கேப்பீங்க. அதே நேரம் வேற கம்பெனி இன்டர்வியூ இருந்தா அந்தக் கம்பெனி பேரைச் சொல்ல வேண்டியதில்ல, பொய்யா பாட்டி செத்துட்டாங்கன்னும் சொல்ல வேண்டியதில்ல, "அந்த நேரத்துக்கு ஏற்கனவே ஒத்துக்கிட்ட வேலை ஒண்ணு இருக்கு"ன்னா போதும், யாரும் தோண்டிக் கேக்க மாட்டாங்க. எது முதல்ல ஒத்துக்கிட்டதோ அதை அப்படியே வச்சுக்கிட்டு ரெண்டாவதா வந்ததைத்தான் மாத்தணும். வீட்டு விசேஷம்னா, சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்குக் கேக்கலாம், ஒண்ணுவிட்ட அண்ணன் வீட்டு வளைகாப்புக்குக் கேக்கக் கூடாது. வயக்காட்டு வேலை பத்தி சொல்ல நம்ம பசங்க கூச்சப்படுவாங்க, அதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல. நீடாமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு பையன், விவசாயக் கடன் பிரிவுக்கு வந்தவன், "நாளைக்குத்தான் அறுவடை மிஷின் எங்க வயலுக்கு முறை வருது, விட்டா மழைல சாஞ்சிடும், அப்பாவுக்கு நான்தான் கூட நிக்கணும்"னு எழுதி மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் நேரம் கொடுத்திருந்தான். அன்னைக்கு இன்டர்வியூ எடுக்க இருந்தவரும் மன்னார்குடி பக்கத்துக்காரர், மெசேஜைப் படிச்சதும் "முதல்ல நெல்லை வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லுங்க"ன்னாரு. அதே மெசேஜ் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போயிருந்தா புரிஞ்சிருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான், அங்க "குடும்பத்துல தள்ளிப் போட முடியாத வேலை"ன்னு சுருக்கமா எழுதிட்டு நேரத்தைத் தெளிவாக் கொடுக்கறதுதான் நல்லது.

உங்களுக்கு வெள்ளின்னு முடிவாச்சுன்னு வச்சுக்குவோம். வியாழன் வைவா முடிஞ்சதும் சாயங்காலம் ஒரு மெசேஜ், "மேடம், வைவா நல்லபடியா முடிஞ்சுது. நாளைக்கு மதியம் 2 மணிக்கு வந்துடுறேன்." அவங்க அந்த மேனேஜருக்கு ஞாபகப்படுத்த இது ஒரு சாக்கு. வெள்ளிக்கிழமை பாபநாசத்துல 10 மணிக்கே ஏறிடுங்க, தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டுல மாறி திருச்சி போய்ச் சேர எப்படியும் ரெண்டரை மணி நேரம் பிடிக்கும், ஆபீஸ் வாசல்ல ஒண்ணரைக்கு இருக்கணும். ப்ராஜெக்ட் புக் ஸ்பைரல் பைண்டிங் ஒரு காப்பி பையில இருக்கட்டும், நீங்க மெசேஜ்ல எழுதினதை வச்சுத்தான் பேச்சை ஆரம்பிப்பாங்க. கைடுகிட்ட பேசிட்டு உங்க பேர் எந்த நாள்னு இங்கயே சொல்லுங்க, நாள் மாறினா மெசேஜ்ல தேதியை மாத்தி எழுதித் தர்றேன்.